மழை ஆரம்பித்ததிலிருந்து அரிப்பு, நெற்றியில் பொரிப்பொரியாக. என்ன போடலாம்? அவசரம்

ஈரச்சட்டை
வணக்கம். மூன்று வாரமாக மழை. உடம்பில் சிவப்பாகத் தடிப்பு, தாங்க முடியாத அரிப்பு. நெற்றியிலும் சின்னச் சின்னப் பருக்கள். கடையில் ஒரு க்ரீம் வாங்கிப் போட்டேன், போய்விட்டது. இப்போது திரும்ப வந்திருக்கிறது, முன்பைவிடப் பெரிதாக. முகத்துக்குச் செய்ய வேண்டியதெல்லாம் தவறாமல் செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தங்கைக்கு நிச்சயதார்த்தம். அதற்குள் போக வேண்டும். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

பரங்கிமலை
உடம்பில் என்றால் எங்கே? முதுகா, இடுப்பா, அக்குளா? என்ன க்ரீம்? எத்தனை நாள் போட்டீர்கள்?

சுக்குக்காப்பி
சீமை அகத்தி இலை கிடைக்குமா பாருங்கள். எங்கள் பக்கம் வண்டுகடி இலை என்போம். அரைத்து எலுமிச்சைச் சாறு விட்டுப் பூசினால் படர்தாமரை ஒரு வாரத்தில் அடங்கும். எல்லாம் உடம்புச் சூடுதான். வாரம் இரண்டு எண்ணெய்க் குளியல் போடுங்கள்.

தோல்வாத்தியார்
இதே கேள்வி ஒவ்வொரு ஐப்பசியிலும் வருகிறது. பழைய இழைகளைத் தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. இடம் சொல்லவில்லை, மருந்து சொல்லவில்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் போக வேண்டுமாம். பூஞ்சைக்கு நாள்காட்டி தெரியாது தம்பி.

வடவாறு
எனக்கு இரண்டு காலிலும் சேற்றுப்புண். வயலில் இறங்குகிற ஆள் நான். விரல் இடுக்கில் வெள்ளையாக ஊறி, தோல் உரிகிறது. இதற்கும் அதே மருந்து போடலாமா?

ஈரச்சட்டை
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். இரண்டு தொடை இடுக்கிலும், இடுப்பில் பெல்ட் படும் இடத்திலும். வேளச்சேரியிலிருந்து சிறுசேரிக்கு தினமும் பைக். ரெயின்கோட் பேன்ட் போட்டாலும் உள்ளே நனைந்துவிடும், அதே ஜீன்ஸோடு ஒன்பது மணி நேரம் ஏசியில் உட்கார்ந்திருப்பேன். க்ரீம் பெயர் பெரிதாக இருக்கிறது: க்ளோபீட்டாசால், ஆஃப்லாக்சசின், ஆர்னிடசோல், டெர்பினஃபைன். கடைக்காரர்தான் கொடுத்தார். பத்து நாள் போட்டேன், நிறுத்தினேன், வந்தது. திரும்ப ஒன்பது நாள் போட்டேன்.

கடைக்குட்டி
பதினாறு வருஷமாக மருந்துக்கடையில் நிற்கிறேன், அதனால் சொல்கிறேன். அந்த நான்கு பெயரில் முதலாவதைப் பாருங்கள். க்ளோபீட்டாசால் என்பது ஸ்டீராய்டு, தோலில் பூசுகிறவற்றிலேயே மிகக் கடுமையான வகை. அது பூஞ்சையைக் கொல்லாது. பூஞ்சையோடு சண்டை போடுகிற உங்கள் தோலை அமர்த்திவிடும். சிவப்பும் அரிப்பும் அந்தச் சண்டையால் வருபவை என்பதால் இரண்டே நாளில் குணமானது போலத் தெரியும். பூஞ்சை அந்த நேரத்தில் நிம்மதியாகப் பரவும். நிறுத்தியதும் பெரிதாகத் திரும்புவது இதனால்தான்.

ஒரு அடையாளம் சொல்கிறேன். சாதாரணப் படர்தாமரை வட்டமாக இருக்கும், ஓரம் மேடாகச் செதில் விடும், நடு தெளிந்திருக்கும். ஸ்டீராய்டு பட்டது அப்படி இராது. ஓரம் மங்கும், அல்லது வட்டத்துக்குள் இன்னொரு வட்டம் வரும். உங்களுக்கு எப்படி?

ஈரச்சட்டை
இடுப்பில் வட்டத்துக்குள் வட்டம்தான்!! தொடையில் ஓரமே தெரியவில்லை, பழுப்பாகப் பரவிக் கிடக்கிறது.

பரங்கிமலை
கடையில் சீட்டு கேட்கவில்லையா? ஸ்டீராய்டு க்ரீம்களைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018லேயே அரசு உத்தரவு போட்டதே.

கடைக்குட்டி
உத்தரவு இருக்கிறது. கேட்கிற கடையும் இருக்கிறது, கேட்காத கடையும் இருக்கிறது. எங்கள் தொழிலுக்கே அது அசிங்கம்.

ஈரச்சட்டை, அந்த ட்யூபைத் தொடாதீர்கள். நிறுத்தியதும் சில நாள் அரிப்பு கூடும், அதைப் பார்த்துப் பயந்து திரும்பப் போட்டுவிடாதீர்கள். இன்னும் தொடர்ந்தால் தொடையில் பிரசவத் தழும்பு மாதிரிக் கோடுகள் விழும், அவை அழியாது. ஸ்டீராய்டு கலக்காத பூஞ்சை மருந்து மட்டும் போதும். தடிப்பின் மேல் மட்டும் பூசாமல் ஓரத்தைத் தாண்டி இரண்டு விரல் அகலம் நல்ல தோலிலும் பூச வேண்டும். தடிப்பு மறைந்த பிறகும் இரண்டு வாரம். நம் ஆட்கள் தோற்பது இந்த இரண்டு வாரத்தில்தான். ஆனால் நீங்கள் பூசத் தொடங்குவதற்கு முன் தோல் டாக்டரிடம் காட்டுங்கள். செதிலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள், பெரும்பாலும் அன்றே தெரிந்துவிடும். முந்தின நாள் வரை பூஞ்சை மருந்து போட்டிருந்தால் அதில் சரியாகத் தெரியாது.

தோல்வாத்தியார்
பாதி விஷயத்தைச் சொல்லிவிட்டு மீதியை விட்டுவிட்டீர்கள். இன்று இந்தியாவில் பரவியிருப்பது பழைய பூஞ்சை இல்லை. 2020ல் அதற்கு டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று தனிப் பெயரே வைத்தார்கள், பெயரிலேயே இந்தியா இருக்கிறது. டெர்பினஃபைன் அதன் மேல் வேலையே செய்யாது. வெளிப்பூச்சு எல்லாம் வீண், மாத்திரைதான்.

கடைக்குட்டி
பெயர் சரி, ஐயா. “வேலையே செய்யாது” என்பது சரியில்லை. பலருக்குக் கேட்பதில்லை, சிலருக்கு இன்னும் கேட்கிறது. இவருக்கு இரண்டு இடத்தில் பரவி, ஸ்டீராய்டும் பட்டிருப்பதால் மாத்திரை தேவைப்படலாம். அதை எழுத வேண்டியது டாக்டர். ஈரலுக்கும் மற்ற மாத்திரைகளுக்கும் ஒத்துவருமா என்று பார்த்துத்தான் கொடுப்பார்கள்.

சுக்குக்காப்பி
என் அகத்தி இலையை யாரும் கண்டுகொள்ளவில்லை.

கடைக்குட்டி
அந்த இலையில் பூஞ்சையை அடக்கும் சத்து உண்மையிலேயே உண்டு, மறுக்கவில்லை. தொடை இடுக்கில் எலுமிச்சைச் சாறு மட்டும் வேண்டாம். வெந்துபோய் வருகிறவர்களை ஒவ்வொரு மழைக்கும் பார்க்கிறேன். எண்ணெய்க் குளியலும் இப்போது வேண்டாம். மடிப்புகளில் எண்ணெயும் ஈரமும் சேர்ந்து தங்கும்.

அடையாற்று மீன்
நெற்றியை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். எனக்கு அதுதான் வந்தது. முகத்துக்கு என்னென்ன போடுகிறீர்கள், வரிசையாகச் சொல்லுங்கள் தம்பி. “செய்ய வேண்டியதெல்லாம்” என்றால் எங்களுக்கு எப்படித் தெரியும்?

ஈரச்சட்டை
காலையில் ஃபேஸ்வாஷ், வைட்டமின் சி சீரம், நியாசினமைடு, ஷியா பட்டர் க்ரீம், சன்ஸ்கிரீன். ஆபீஸ் போனதும் ஒரு ஃபேஸ்வாஷ். இரவு ஃபேஸ்வாஷ், டோனர், திரும்ப அதே க்ரீம். தலைக்கு இரவில் தேங்காய் எண்ணெய். ஏசியில் காய்கிறது என்று இடுப்பு வரை பாடி லோஷன். பருக்கள் எல்லாம் ஒரே அளவு, முடி ஓரமாக, அரிக்கும். அந்தக் க்ரீமை நெற்றியிலும் நாலைந்து நாள் போட்டேன்.

அடையாற்று மீன்
அதை முதலிலேயே சொல்ல வேண்டாமா!

சாதாரணப் பரு பெரிதும் சிறிதுமாகக் கலந்து வரும், நடுவில் கரும்புள்ளி இருக்கும், அவ்வளவாக அரிக்காது. ஒரே அளவில் வந்து அரித்தால் அது தேமல் உண்டாக்குகிற அதே ஈஸ்டு முடிக்கால்களில் பெருகியதாக இருக்கலாம். அதற்கு எண்ணெய்தான் சோறு. இரவெல்லாம் தலையணையிலிருந்து தேங்காய் எண்ணெய், பகலில் ஷியா க்ரீம், அதன் மேல் ஈர ஹெல்மெட். உட்காரவைத்து விருந்து போட்டிருக்கிறீர்கள்.

எனக்குப் பலித்தது இது. கீட்டோகொனசோல் 2 சதவீத ஷாம்புவை ஒருநாள் விட்டு ஒருநாள் நெற்றியில் நுரைத்து ஐந்து நிமிடம் விட்டுக் கழுவினேன், கண்ணில் படாமல். மூன்று வாரத்தில் இறங்கியது. மழை மாதங்களில் காலை இரவு இரண்டு வேளை மட்டும் முகம் கழுவுவேன். சீரம் எல்லாம் பெட்டிக்குள். க்ரீமுக்குப் பதில் தண்ணீர் போன்ற ஜெல் மாய்ஸ்சரைசர், அதுவும் இரவில், இழுக்கிற கன்னத்தில் மட்டும். மேகமூட்டத்திலும் வெயில் தோலுக்கு எட்டும் என்பதால் சன்ஸ்கிரீனை மட்டும் விடவில்லை, அதையும் ஜெல்லாக மாற்றினேன். ஹெல்மெட்டின் உள்பஞ்சைக் கழற்றித் துவைக்கலாம், பலருக்கு அது கழலும் என்றே தெரியாது.

கடைக்குட்டி
நல்ல யோசனை, ஒரு சந்தேகம் மட்டும். முகத்தில் ஸ்டீராய்டு பட்டாலும் இதே மாதிரி ஒரே அளவில் பொரியும். இவருக்கு எது என்று எழுத்தில் சொல்ல முடியாது. நெற்றியையும் டாக்டரிடம் காட்டட்டும்.

காவிரிக்கரை
தேங்காய் எண்ணெயைக் குறை சொல்வது இப்போது ஒரு நாகரிகம். எங்கள் பாட்டி தொண்ணூறு வயது வரை தினம் வைத்தார், ஒரு பொரி கிடையாது.

அடையாற்று மீன்
பாட்டி ஹெல்மெட் போட்டு சிறுசேரி போனாரா?

காவிரிக்கரை
பாட்டி வயல் வேலை செய்தார், உங்களைவிட அதிகம் வியர்த்திருப்பார். ஜீன்ஸைக் குறை சொல்லுங்கள். வேட்டி கட்டுகிறவனுக்குத் தொடை இடுக்கில் படர்தாமரை வருமா?

பரங்கிமலை
வரும். என் மாமாவுக்கு வந்தது. வேட்டியையும் வீட்டுக்குள் கொடியில் ஈரவாடையோடு காயவைத்தால் வரத்தான் செய்யும்.

தோல்வாத்தியார்
இழை வேட்டிக்கும் பாட்டிக்கும் போய்விட்டது. எதிர்பார்த்ததுதான்.

கடைக்குட்டி
பரங்கிமலை சொன்னது முக்கியம். உள்ளாடை முழுதாகக் காயாமல் போடாதீர்கள். மழையில் வெயில் இல்லாவிட்டால் தையல் இருக்கிற பக்கத்தை வெளியே திருப்பி இஸ்திரி போடுங்கள். ஆபீஸ் பையில் ஒரு ஜோடி உலர்ந்த உள்ளாடையும் தளர்வான பேன்ட்டும் வைத்து, போனதும் மாற்றுங்கள். வீட்டில் துண்டு தனியாக. வேறு யாருக்காவது அரிப்பு இருந்தால் அவர்களையும் காட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மாறி மாறி வரும்.

வடவாறு கேட்டதிலிருந்து ஞாபகம் வந்தது: ஈரச்சட்டை, உங்கள் கால்விரல் இடுக்கைப் பார்த்தீர்களா? நனைந்த ஷூவில் அங்கே ஆரம்பித்து, உள்ளாடையை இழுத்துப் போடும்போது தொடைக்கு ஏறுவது உண்டு. அப்படி இருந்தால் முதலில் சாக்ஸ், பிறகு உள்ளாடை.

பரங்கிமலை
ஈரச்சட்டை, ஞாயிறு முடிந்து புதனும் ஆகிவிட்டது. என்ன ஆயிற்று?

ஈரச்சட்டை
எல்லோருக்கும் நன்றி. டாக்டர் சுரண்டிப் பார்த்தார், பூஞ்சைதான். காலில் நான்காவது விரல் இடுக்கிலும் இருந்ததாம், எனக்குத் தெரியவே தெரியாது. மாத்திரை, கலப்பில்லாத ஒரு க்ரீம். குறைந்தது ஆறு வாரம் என்றார், சுகர் டெஸ்ட்டும் எழுதியிருக்கிறார். மூன்று நாள் அரிப்பில் தூக்கமே இல்லை, இப்போது பரவாயில்லை. நெற்றிக்கு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு நான்கு வாரம் கழித்து வரச் சொன்னார், எதனால் என்று சொல்லவில்லை. நிச்சயதார்த்தத்துக்கு வேட்டிதான் கட்டினேன். போட்டோவில் நெற்றி தெரிகிறது.

காவிரிக்கரை
வேட்டி! சொன்னேனா இல்லையா?

வடவாறு
என் சேற்றுப்புண்ணுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.