இச்சிமோக்கு: மெல்லிய மேகத்தை விலை உடைத்தால் சிக்கோவுக்காகக் காத்திருக்கணுமா?

வணக்கம். பிட்காயின் டெய்லி சார்ட்டில் இரண்டு முறை ஒரே இடத்தில் அடிபட்டேன். செட்டிங் 9, 26, 52. காலை 5.30க்கு கேண்டில் முடிந்த பிறகுதான் பார்ப்பேன்.

இரண்டு முறையும் விலை மேகத்துக்கு மேலே முடிந்தது. வாங்கினேன். நான்கைந்து நாளில் மறுபடி உள்ளே வந்து ஸ்டாப்லாஸ் அடித்தது. பின்னால் போய்ப் பார்த்தால், உடைத்த இடத்தில் மேகம் நூல் மாதிரி இருந்தது. ஸ்பான் ஏ, ஸ்பான் பி இடைவெளி 14 நாள் ஏடிஆரில் பாதிகூட இல்லை. இன்றைய விலைக்கு நேரே தெரியும் மேகம் 26 நாள் முந்தைய கணக்கு என்பதால், அப்போதைய மந்தமான சந்தையைத்தான் அது காட்டுகிறது என்று நினைக்கிறேன். சிக்கோ கோடும் பழைய கேண்டில்களுக்குள்ளேயே சிக்கியிருந்தது.

20, 60, 120 போட்டுப் பார்த்தேன். பொய் உடைப்பு குறைந்தது, ஆனால் நல்ல ஏற்றத்திலும் பாதி போன பிறகே சிக்னல் வந்தது. மேகம் ஒரு ஏடிஆருக்கு மேல் இருந்தால் மட்டும் வாங்குவது என்றும் வைத்துப் பார்த்தேன், வாய்ப்பே அரிதாகிவிட்டது.

மெல்லிய மேகத்தை விலை உடைக்கும்போது, சிக்கோ பழைய கேண்டில்களைத் தாண்டினால் போதுமா, அங்குள்ள மேகத்தையும் தாண்டும்வரை காத்திருக்கிறீர்களா?