எங்கட லேன் குழு, வெல்லம்பிட்டிய

நிரோஷன்: வெள்ளத்துக்கு முகாமுக்கு வந்த அவசரத்தில அம்மாட பிரஷர் மாத்திரையும் காணி உறுதியும் வீட்டிலயே கிடக்கு. லேனில தண்ணி முழங்காலுக்குக் கீழதான். எங்கட ட்ரிப் சுவிட்ச் விழுந்திட்டு. போய் எடுத்திட்டு வரட்டா?

செல்வம் மாமா: ட்ரிப் விழுந்தா கரண்ட் இல்லைதானே தம்பி. கெதியா போயிட்டு வா.

ரவி அண்ணா: நில்லு நிரோஷன். ட்ரிப் விழுந்தா உங்கட வீட்டு வயரில மட்டும்தான் கரண்ட் இல்லாமப் போகும். போஸ்ட்டில இருந்து மீற்றர் வழியா ட்ரிப் வரைக்கும் வாற வயரில கரண்ட் இருக்கும். பக்கத்து வீட்டு கேட் லைட்டும் தண்ணி மோட்டரும் இப்ப தண்ணிக்குள்ள. அதில இருந்து கசியுற கரண்டுக்கு உங்கட ட்ரிப் விழாது. கரண்ட் ஒபிசுக்கு அடிச்சு லேன் லைனையே வெட்டச் சொல்லு. வெட்டியாச்சு எண்டு அவங்க சொல்லுற வரைக்கும் இறங்காத.

சுமதி அக்கா: மாத்திரைக்காக அவசரப்படாத. முகாமுக்கு டொக்டர் வந்திருக்கிறார், பழைய கிளினிக் கொப்பியைக் காட்டினா தருவார்.

மலர் அன்ரி: லைனை வெட்டினா என்ட ப்ரிட்ஜில கோழி பழுதாப் போயிடுமே?

ரவி அண்ணா: அன்ரி, கோழி போனாப் போகட்டும்.

நிரோஷன்: வெட்டிட்டாங்களாம் அண்ணா. நானும் தம்பியும் போறம்.

ரவி அண்ணா: சுவரோரமா நடக்காதீங்க, கான் அந்தப் பக்கம்தான். தண்ணி வடியட்டும் எண்டு நேத்து ஆரோ ரெண்டு ஸ்லாப்பைத் தூக்கினவங்க.

நிரோஷன்: எந்த இடத்தில?

ரவி அண்ணா: கடை முன்னால எண்டு கேள்விப்பட்டன். திரும்ப மூடினாங்களோ தெரியாது. நடு ரோட்டால போங்க. கம்பால முன்னுக்குக் குத்திப் பார்த்து, தரை தட்டின பிறகுதான் காலை வையுங்க. தண்ணி ஒரு இடத்தில சுழண்டு உள்ள இறங்கினா அங்க மூடி இல்ல. ஆனா கலங்கல் தண்ணி அசையாம நிக்குதெண்டு நம்பவும் ஏலாது, கீழ குழி இருந்தாலும் மேல ஒண்டும் தெரியாது. காலில விறுவிறு எண்டு இழுத்தா வந்த வழியே திரும்புங்க, கேட்டையோ போஸ்ட்டையோ பிடிக்காதீங்க.

நிரோஷன்: வந்திட்டம். உறுதி கிடைச்சிட்டு. தம்பிட குதிக்காலில தகரம் கீறிட்டு.

சுமதி அக்கா: இப்பவே குழாய்த் தண்ணியில சவர்க்காரம் போட்டு நல்லாக் கழுவு. ஏற்பூசி போட்டு கனகாலம் எண்டா அதையும் டொக்டரிட்டச் சொல்லுங்க. எலிக்காய்ச்சலுக்கு பி.எச்.ஐயிட்ட டொக்ஸிசைக்ளின் கேளுங்க. பெரியாக்களுக்குக் கிழமைக்கு ஒருக்கா 200 மில்லிகிராம், சாப்பிட்ட பிறகு நிறையத் தண்ணியோட.

செல்வம் மாமா: அதைக் குடிச்சா பிறகு எலிக்காய்ச்சல் வராது.

சுமதி அக்கா: வாற வாய்ப்புக் குறையும் மாமா, வராமலே போகாது. ஒரு மாசத்துக்குள்ள காய்ச்சல், கெண்டைக்கால் நோ, கண் சிவப்பு, சிறுநீர் குறையுறது எது வந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போய் "வெள்ளத்தில நடந்தனான்" எண்டு முதல்ல சொல்லுங்க. டெங்குவும் இப்படித்தான் தொடங்கும், அதால நோவுக்கு பரசிட்டமோல் மட்டும்.

மலர் அன்ரி: என்ட மகளுக்கு வயித்தில ஏழு மாசம், அவளும் தண்ணிக்குள்ளால வந்தவள். ஒரு குளிசை குடுக்கட்டா?

சுமதி அக்கா: குடுக்காதீங்க அன்ரி. எம்.ஓ.எச் ஒபிசுக்கு இண்டைக்கே கூட்டிக்கொண்டு போங்க, அவங்க வேற மருந்து பார்ப்பாங்க. நான் லேன் முனையில நிக்கிறன், சேர்ந்து போவம்.