வருமானச் சான்றில் அம்மா சம்பளமும் சேருமா?

காரைக்குடி பக்கம் இ-சேவை மையத்தில் இருப்பவர்கள், கல்லூரி அலுவலகம் பார்ப்பவர்கள் யாராவது சொல்லுங்களேன். தங்கை மகள் கோட்டையூரிலிருந்து கல்லூரி முதலாமாண்டு போகிறாள். பிற்படுத்தப்பட்டோர் உதவித்தொகை அறிவிப்பில் "பெற்றோர் ஆண்டு வருமானம் ரூ.2,50,000-க்கு மிகாமல்" என்று இருக்கிறது. கையிலுள்ள சான்றிதழில் அப்பா பெயரில் 2,16,000 மட்டும். தங்கை பலகாரக் கடையில் தேன்குழல் பிழிந்து மாதம் 6,000 வாங்குகிறாள். அதைக் கூட்டினால் 2,88,000, வரம்பைத் தாண்டிவிடுகிறது. 'பெற்றோர்' என்றால் இருவரும்தானே? தாசில்தார் அலுவலகச் சான்றில் அம்மாவுக்குத் தனிக் கட்டம் இருக்குமா?

கடைசித் தேதியும் இரண்டு போட்டிருக்கிறார்கள். மாணவி விண்ணப்பிக்க 15, கல்லூரி சரிபார்க்க 30. எங்களுக்கு 15தான் கெடு என்று நினைக்கிறேன். சாதிச் சான்று, ஆதார் இணைத்த வங்கிப் புத்தகம் தயார். மச்சான் 30 வரை பொறுக்கலாம் என்கிறார், அவருக்கு எதிலும் அவசரம் கிடையாது.