‘ஸ்ட்ரெய்ன் ரிலீஃப்’: ட்ரோன் மின்வயர்களுக்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

கதிர்:
வணக்கம். மருந்து தெளிக்கும் ட்ரோன்களைப் பழுது பார்ப்பவர்களுக்காக ஒரு கையேடு எழுதி வருகிறேன். பேட்டரி வயர்களைப் பற்றிய பகுதியில் வேலை நின்றுவிட்டது. ஈயத்தை உருக்கி வயரை ஒட்டும் சால்டரிங்குக்குப் ‘பற்றவைப்பு’ என்றும், உலோகக் குழலை வயர் முனையில் அழுத்தி இறுக்கும் கிரிம்பிங்குக்கு ‘நெரிப்பு’ என்றும் எழுதியிருக்கிறேன். வயர் இணைப்பின் அருகே ஒடியாமல் அதைக் கட்டிக் காக்கும் ‘ஸ்ட்ரெய்ன் ரிலீஃப்’ என்பதற்குச் சொல் கிடைக்கவில்லை. நேராகப் பெயர்த்தால் ‘திரிபு விடுவிப்பு’ என்று வருகிறது. அதைப் படிக்கும் பையன் எதையாவது விடுவிப்பானே தவிர, வயரைக் கட்ட மாட்டான்.

இராமநாதன்:
‘இழுவிசைத் தணிப்பு’ என்று வைக்கலாம். பழைய மேசை விசிறியைத் திறந்து பார்த்தால் வயரில் உள்ளே ஒரு முடிச்சு போட்டிருப்பார்கள். யாராவது வயரைப் பிடித்து இழுத்தாலும் இழுப்பு அந்த முடிச்சோடு நின்றுவிடும், திருகு வரை போகாது. கருத்து அதுதான், சொல்லும் அதையே சொல்லட்டும்.

மேரி:
விசிறிக்கு ஐயா சொல்வது சரி. ட்ரோனில் வயரை ஒருவரும் இழுப்பதில்லை. அங்கே அது ஒடிவது வளைந்து வளைந்துதான்.

எங்கள் பட்டறைக்கு வந்த ஒன்றைச் சொல்கிறேன். பத்து லிட்டர் தெளிப்பான், 12 செல் பேட்டரி, எக்ஸ்.டி.90 கனெக்டர், 10 கேஜ் சிலிக்கான் வயர். பறக்கும்போது ஒரு நொடி மின்சாரம் போய்த் திரும்பி வந்ததாகச் சொன்னார்கள். கனெக்டரில் வைத்த ஈயம் பளபளவென்று அழகாக இருந்தது, குறை சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பின்னால் வயரை விரலால் வளைத்தபோது, ஓர் இடத்தில் மட்டும் கதவுக் கீல் போலச் சட்டென்று மடங்கியது. உறையைக் கீறிப் பார்த்தோம். பெரும்பாலான இழைகள் ஒரே கோட்டில் அறுந்திருந்தன.

காரணம் ஈயம் ஏறியதுதான். 10 கேஜ் சிலிக்கான் வயரில் 0.08 மில்லிமீட்டர் இழைகள் சுமார் 1,050 இருக்கும். அவற்றின் இடுக்குகளில் உருகிய ஈயம், விளக்குத் திரியில் எண்ணெய் போல, உறைக்குள்ளேயே ஏறிவிடுகிறது. ஏறிய தூரம் வரை வயர் ஒரு கம்பியாக விறைத்துவிடும், அதைத் தாண்டினால் பழைய குழைவுதான். மோட்டார் அதிர்வில் வயர் ஆடும் ஒவ்வொரு முறையும் வளைவு முழுவதும் அந்த எல்லைக்கோட்டில் விழுகிறது. பட்டறையில் நாங்கள் அந்த இடத்தைக் ‘கழுத்து’ என்போம். ‘வயர் கழுத்தில் போயிருக்கிறது’ என்றால் பையன்களுக்கு உடனே புரியும்.

அதனால் என் ஓட்டு ‘கழுத்துக் காப்பு’.

அருண்:
நான் ஐந்து அங்குல ரேஸிங் ட்ரோன் ஓட்டுகிறேன், 6 செல். எக்ஸ்.டி.60 போதுமா, எக்ஸ்.டி.90-க்குப் போக வேண்டுமா? கழுத்தில் ஹாட் குளூ ஊற்றிவிட்டால் காப்பு ஆகிவிடாதா? இழைகள் அறுந்தால் மின்தடை கூடும் அல்லவா, மாதம் ஒரு முறை மல்டிமீட்டரில் அளந்தால் முன்கூட்டியே தெரிந்துவிடுமே?

மேரி:
அருண், கேள்வி கனெக்டர் தேர்வைப் பற்றியது அல்ல. உங்கள் ட்ரோனுக்கு எக்ஸ்.டி.60 போதும். அதன் பெயரில் உள்ள 60 ஆம்பியர் சிறிது நேரத்துக்குத்தான். தொடர்ந்து ஓடுவதற்குப் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹாட் குளூ வெயிலிலும் வயர் சூட்டிலும் இளகிவிடும்.

மல்டிமீட்டர் யோசனை பலருக்கு வருவதுதான், ஆனால் பலிக்காது. 10 கேஜ் வயரின் தடை ஒரு மீட்டருக்கு 3.3 மில்லி ஓம். பத்தில் ஒன்பது இழைகள் 5 மில்லிமீட்டர் நீளத்துக்கு இல்லாமல் போய்விட்டதாக வைத்துக்கொண்டாலும், அந்தத் துண்டின் தடை சுமார் 0.16 மில்லி ஓம்தான். மல்டிமீட்டரின் முனைகளிலேயே அதைவிடப் பல மடங்கு தடை இருக்கிறது. 80 ஆம்பியர் ஓடும்போது அங்கே விழும் மின்னழுத்தம் 13 மில்லிவோல்ட். 44 வோல்ட் பேட்டரியின் பறப்புப் பதிவில் அதை யார் கண்டுபிடிப்பது? ஆனால் அந்த ஒரே இடத்தில் ஒரு வாட் வெப்பம் தேங்குகிறது. அதனால் சில சமயம் உறை நிறம் மாறியிருக்கும். மற்றபடி விரல்தான் கருவி: ஒவ்வொரு வயரையும் மெல்ல வளைத்துப் பாருங்கள். வளைவு உருண்டு வந்தால் சரி. மூலை விழுந்தால் வெட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

சிவா (யாழ்ப்பாணம்):
இங்கே பள்ளிப் புத்தகத்திலேயே ‘பற்றாசு பிடித்தல்’ என்றுதான் படித்தோம். ‘பற்றவைப்பு’ வெல்டிங்கையும் குறிக்கும். சால்டரிங்குக்குத் தனிச்சொல் கையில் இருக்கும்போது அதை ஏன் விட வேண்டும்?

ஈயம்தான் தொல்லை என்றால் நெரிப்புக்கு மாறிவிடலாமே. நான் நெரித்துவிட்டு, உறுதிக்காகக் கடைசியில் ஒரு சொட்டுப் பற்றாசும் வைப்பேன்.

மேரி:
‘பற்றாசு’ நல்ல சொல், எனக்குச் சம்மதம். அந்தக் கடைசிச் சொட்டை மட்டும் நிறுத்திவிடுங்கள். நெரிப்பின் ஆதாயமே ஈயம் இல்லாமல் இழைகள் குழைவாக வெளியே வருவதுதான். சொட்டு வைத்தால் அது இழைகளுக்குள் ஏறி மறுபடி கழுத்து உண்டாகும். சிலர் முதலில் ஈயம் பூசிவிட்டுப் பிறகு நெரிக்கிறார்கள். அது இன்னும் மோசம். ஈயம் மென்மையானது, அழுத்தத்தில் நாளடைவில் நகர்ந்து கொடுத்துவிடும், பிடி தளரும். ஈயம் பூசிய இழைவயரை நெரிக்கக் கூடாது என்று நாசாவின் தரவிதியிலேயே இருக்கிறது.

ஆனால் எல்லாவற்றையும் நெரிப்புக்கு மாற்ற முடியாது. எக்ஸ்.டி. வகையில் இருப்பது பற்றாசுக் கிண்ணம், அதை நெரிக்க வழியில்லை. அங்கே செய்ய வேண்டியது ஈயம் ஏறும் தூரத்தைக் குறைப்பது. சிறிய பற்றாசு இரும்பை வைத்துக்கொண்டு நெடுநேரம் சூடாக்கினால் ஈயம் ஏறிக்கொண்டே போகும், கனெக்டரின் நைலானும் இளகி ஊசி சாய்ந்துவிடும். அகன்ற முனையுள்ள, வலுவான இரும்பை நன்றாகச் சூடேற்றிச் சில நொடிகளில் முடித்துவிட வேண்டும். எதிர்க் கனெக்டர் ஒன்றைச் செருகி வைத்தால் ஊசி நேராக நிற்கும். உறை தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் வயரை இடுக்கியால் பிடித்துக்கொண்டால் சூடு மேலே போகாது.

இராமநாதன்:
விளக்கம் புரிந்தது, ‘இழுவிசை’யை விட்டுவிடுகிறேன். ஆனால் ‘கழுத்துக் காப்பு’ எனக்கு ஒட்டவில்லை. அதைக் கேட்டால் கழுத்தில் எதையோ சுற்றச் சொல்வதுபோல இருக்கிறது. நீங்கள் அங்கே என்னதான் செய்கிறீர்கள்?

மேரி:
நல்ல கேள்வி. கழுத்தின் மேல் பசையுள்ள சுருங்குகுழாய் போடுகிறோம், ஆனால் அது துணைதான். அதை மட்டும் போட்டால் விறைப்பின் எல்லை குழாயின் முனைக்கு நகரும், அவ்வளவே. உண்மையான வேலை, கனெக்டரையும் வயரையும் ஒரே சட்டத்தில் பிணைப்பது. ட்ரோன் பக்கக் கனெக்டரைத் திருகுத் துளையுள்ள எக்ஸ்.டி.90இ வகையாக மாற்றிச் சட்டத்தில் முடுக்கிவிடுவோம். மூன்று, நான்கு சென்டிமீட்டர் தள்ளி வயரையும் அதே சட்டத்தில் கட்டுவோம். நடுவில் சிறிது தொய்வு விடுவோம். இரண்டு முனையும் சேர்ந்து ஆடும்போது கழுத்தில் வளைவு விழாது. பேட்டரி மாற்றுகிறவர் கனெக்டரை ஆட்டி ஆட்டிக் கழற்றினாலும் அந்த அசைவு வயருக்குப் போகாது.

கதிர்:
அப்படியானால் செய்கிற வேலைக்கு ‘கழுத்துப் பிணைப்பு’ என்று வைக்கலாமா? கையேட்டில் இப்படி எழுதிப் பார்த்தேன்: “பற்றாசு வைத்த ஒவ்வொரு முனைக்கும் கழுத்துப் பிணைப்பு இருக்க வேண்டும்.”

மேரி:
இருக்கலாம். ‘பற்றாசு வைத்த’ என்பதை எடுத்துவிடுங்கள். நெரித்த முனையிலும் உலோகக் குழல் முடியும் விளிம்பு ஒரு கழுத்துதான், குறைவாக ஒடியும் என்பது மட்டுமே வேறுபாடு.

சிவா:
‘நெரிப்பு’ என்பதையும் ஒருமுறை யோசியுங்கள். கேட்டால் இழைகள் நசுங்கிப் போனதுபோல இருக்கிறது. ‘கவ்வல்’ என்றால் என்ன?

மேரி:
கவ்வினால் போதாது, இழைகள் ஒன்றோடொன்று இறுகி உருமாற வேண்டும். நான் ‘நெரிப்பு’ பக்கம்.

இராமநாதன்:
நான் ‘கவ்வல்’ பக்கம்.