[கலைச்சொல்] கஸ்டமர் லைஃப்டைம் வேல்யூ: தமிழில் எப்படி?

பூங்கோதை எழுதியது:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கான விற்பனைப் பயிற்சிக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக் கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். நான்காம் பாடம், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் வழியாக ஒருமுறை வாங்கியவரை மறுபடியும் வாங்க வைப்பது பற்றியது. அதில் ‘ரிப்பீட் பர்ச்சேஸ்’, ஒரு வாடிக்கையாளர் தொடர்ந்து வாங்குவதால் நமக்குக் கிடைப்பதைச் சொல்லும் ‘கஸ்டமர் லைஃப்டைம் வேல்யூ’ இரண்டும் சிக்குகின்றன. பழைய வரைவில் ‘மீள்கொள்முதல்’, ‘வாடிக்கையாளர் வாழ்நாள் மதிப்பு’ என்று இருக்கிறது. பயிற்சிக்கு வந்தவர்களிடம் படித்துக் காட்டினால், இரண்டாவதை ஆயுள் காப்பீடு என்று நினைக்கிறார்கள். வழி சொல்லுங்கள்.

இளமாறன் எழுதியது:

அம்மா, ‘கொள்முதல்’ இங்கே பொருந்தாது. விற்பதற்காகச் சரக்கு எடுப்பதே கொள்முதல். நெல் கொள்முதல் நிலையம் என்பதை நினைத்துப் பாருங்கள். வீட்டுக்கு வாங்குகிறவர் கொள்முதல் செய்வதில்லை. ‘திரும்ப வாங்குதல்’ என்று வைத்தாலோ, விற்ற பொருளைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்வது என்று புரிந்துகொள்வார்கள். ‘மறுவாங்கல்’ என்று வைக்கலாம்.

அடுத்தது ‘வாடிக்கை’. கன்னடத்தில் வாடிகெ என்றால் வழக்கம். தெலுங்கில் வாடுக என்றால் பயன்பாடு. மரவாடி, மீன்வாடி என்கிறோமே, அந்த ‘வாடி’தான் வேர் என்பது என் கருத்து. சரக்கு கிடக்கும் வாடிக்கு அடிக்கடி வருபவரே வாடிக்கையாளர். எனவே அதைத் தயங்காமல் ஆளலாம். ‘மதிப்பு’க்குப் பதில் ‘ஊதியம்’ வேண்டும். குறளில் ஊதியம் என்பது ஆதாயம்தான், மாதச் சம்பளம் அல்ல. ‘வாடிக்கை ஊதியம்’ என் பரிந்துரை.

ரவீந்திரன் எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து வணக்கம். வாடியிலிருந்து வாடிக்கை வந்ததென்பதற்கு ஆதாரம் வேண்டும், ஐயா. வேடிக்கை, கோரிக்கை என்ற வரிசையில் ‘-க்கை’ ஈறு தனியாக நிற்கிறது. கன்னட வழக்கப் பொருளே கிட்டத்தில் இருக்கிறது. மீன்வாடி வரை போகத் தேவையில்லை. எங்கள் பக்கம் ‘மதிப்பு’ என்ற இடத்தில் ‘பெறுமதி’ எழுதுவோம். உங்களுக்கு மதிப்புக் கூட்டு வரி, எங்களுக்குப் பெறுமதி சேர் வரி. ‘வாடிக்கைப் பெறுமதி’ என்றால் இரண்டு கரையிலும் விளங்கும்.

முருகேசன் எழுதியது:

ஐயா, நான் புடவை விற்கிறேன். ஃபாலோயர் கூடினால் இந்த மதிப்பும் தானாகக் கூடிவிடும் அல்லவா? தீபாவளிக்குப் பழைய வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப் பிராட்காஸ்டில் தள்ளுபடி கூப்பன் அனுப்பினேன். நிறையப் பேருக்குப் போய்ச் சேரவே இல்லை. அதற்கும் இந்தப் பாடத்தில் ஏதாவது இருக்கிறதா?

கலைச்செல்வி எழுதியது:

இந்தச் சொல் எதை அளக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். பாடத்தில் வரும் ஃபில்டர் காபித்தூள் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். அரைக்கிலோ பை 400 ரூபாய். கொட்டை, சிக்கரி, பை, கூரியர் எல்லாம் போக 120 ரூபாய் கையில் நிற்கும். இன்ஸ்டாகிராம் விளம்பரத்தில் ஒரு புது ஆளைப் பிடிக்க 180 ரூபாய் ஆகிறது. ஆக முதல் பையில் 60 ரூபாய் நட்டம். இரண்டாம் பை போனால்தான் நட்டம் அடைபட்டு 60 ரூபாய் மேலே வரும்.

ஜனவரியில் முதன்முதலாக வாங்கிய 100 பேரை மட்டும் தனிப் பட்டியலாக வைத்து 12 மாதம் பின்தொடர்கிறது பாடம். 60 பேர் ஒரு பையோடு நின்றுவிட்டார்கள். 25 பேர் ஆளுக்கு நான்கு பை, 15 பேர் ஆளுக்குப் பத்துப் பை வாங்கினார்கள். மொத்தம் 310 பை. பைக்கு 120 வீதம் கையில் நிற்பது தலைக்கு 372 ரூபாய். விளம்பரச் செலவைக் கழித்தால் 192. நாம் பெயர் தேடுவது இந்தத் தொகைக்குத்தான். விற்பனைத் தொகையைப் போட்டால் தலைக்கு 1,240 ரூபாய் என்று வரும். அதை நம்பி விளம்பரத்துக்கு 400 ரூபாய் கொடுப்பவர் தலைக்கு 28 ரூபாய் இழப்பார். ஆகவே ‘மதிப்பு’, ‘பெறுமதி’ இரண்டுமே எனக்குத் தயக்கம். ‘வாடிக்கை ஆதாயம்’ என்றால் மளிகைக் கடையில்கூடப் புரியும்.

பூங்கோதை, பாடத்தில் ஒரு விஷயத்தை அழுத்தமாக எழுதுங்கள். சராசரி மூன்று பை என்கிறது, ஆனால் மூன்று பை வாங்கிய ஆள் ஒருவர்கூட இல்லை. ஓட்டை முதல் பைக்கும் இரண்டாம் பைக்கும் நடுவில்தான் இருக்கிறது. நாளுக்கு 25 கிராம் போடும் வீட்டில் அரைக்கிலோ 20 நாளில் தீரும். கூரியருக்கு மூன்று நாள். எனவே பை கைக்குப் போன 15, 16ஆம் நாளில் நினைவூட்ட வேண்டும். தீர்ந்த பிறகு சொன்னால் அதற்குள் பக்கத்துக் கடையில் வாங்கியிருப்பார்கள். அதற்கும் முன்னால், ஐந்தாம் நாள் வாக்கில், ‘டிகாஷன் எப்படி இறங்குகிறது?’ என்று மட்டும் கேளுங்கள். நீர்த்து விரைவாக இறங்கினால் அரைப்பு கொரகொரப்பு. சொட்டாமல் அடைத்துக்கொண்டால் அரைப்பு மிக நைஸ். அடுத்த பையில் அரைப்பை மாற்றித் தருகிறோம் என்றால், முதல் டம்ளரிலேயே மனம் விட்டுப்போனவர் நிற்பார்.

முருகேசன், வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே போகும். பார்சலுக்குள் ஒரு சீட்டு வைத்து, எண்ணைச் சேமித்து ஒரு செய்தி அனுப்பச் சொல்லுங்கள். கூப்பனில் வேறு சிக்கல். எப்படியும் வாங்கப் போகிறவரும் அதைப் பயன்படுத்துவார். நம் கணக்கில் இரண்டாம் பைக்கு எல்லாருக்கும் 40 ரூபாய் தள்ளுபடி என்றால், தானாக வாங்கியிருக்கும் 40 பேருக்கே 1,600 ரூபாய் போய்விடும். ஆகவே ஐந்தில் ஒருவருக்கு எதுவும் அனுப்பாமல் விடுங்கள். அவர்களும் அதே அளவு வாங்கினால் செய்தியாலோ கூப்பனாலோ பயனில்லை. ஃபாலோயர் எண்ணிக்கை இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை, கவனியுங்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று. புது ஆளைத் தேடும் விளம்பரத்தில் பழைய வாடிக்கையாளரின் எண்களை நாட்டுக் குறியீடு 91 சேர்த்து ஏற்றி, விலக்கு என்று போட வேண்டும். இல்லாவிட்டால் தானே வாங்க இருந்தவருக்கு விளம்பரம் காட்டி, அந்த விற்பனையும் விளம்பரக் கணக்கில் சேரும். 180 ரூபாய் 110 ஆகக் குறைந்ததுபோல் தெரியும். கையால் ஏற்றிய பட்டியல் தானாக வளராது. வாரம் ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

இளமாறன் எழுதியது:

கணக்கு அருமை. ஆனால் ‘ஆதாயம்’ வடசொல். சொல்ல வந்த பொருளுக்கு ‘ஊதியம்’ என்று நம்மிடமே ஒன்று இருக்கும்போது ஏன் கடன்?

ரவீந்திரன் எழுதியது:

ஐயா, ‘வாடிக்கை ஊதியம்’ என்று போட்டால், வாடிக்கையாளருக்கு நாங்கள் சம்பளம் கொடுப்பதாகத்தான் எவரும் வாசிப்பார். குறளின் பொருளை வழக்கு கைவிட்டுவிட்டது. பெறுமதியை நான் வற்புறுத்தவில்லை.

முருகேசன் எழுதியது:

புடவை 20 நாளில் தீராதே அம்மா. ஆடிக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று, இடையில் கல்யாணம் வந்தால் மூன்று நான்கு. 12 மாதக் கணக்கு எனக்கு எப்படிச் சரிவரும்?

கலைச்செல்வி எழுதியது:

சரிவராது. இரண்டு தீபாவளியாவது அடங்க வேண்டும், அதாவது 24 மாதம். உங்களுக்கு நினைவூட்டும் நாள் பை தீரும் நாள் அல்ல; போன தடவை எந்த விசேஷத்துக்கு வாங்கினார் என்பதை வாட்ஸ்அப் பிசினஸில் லேபிளாகக் குறித்து வையுங்கள். சொல்லைப் பொறுத்தவரை, எதை வைத்தாலும் முன்னால் மாதத்தைச் சேர்க்க வேண்டும். ‘வாழ்நாள்’ போகட்டும். தொழில் தொடங்கி இரண்டு வருடம் ஆகாதவர் எந்த வாழ்நாளைக் கண்டார்?

பூங்கோதை எழுதியது:

நன்றி. நேரமில்லாததால் முடிவெடுக்கிறேன். தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்தால் ‘வாடிக்கை மதிப்பு’ என்பதற்கே ஆதரவு அதிகம். ‘12 மாத வாடிக்கை மதிப்பு’ என்று போடுகிறேன். செலவு போக நிற்பது என்று முதல் வரியிலேயே விளக்கிவிடுகிறேன். ‘மறுவாங்கல்’ இருக்கட்டும். புடவைக்கு 24 மாதம் என்பதைப் பெட்டிச் செய்தியாகச் சேர்க்கிறேன்.

இளமாறன் எழுதியது:

மறுவாங்கலுக்கு மகிழ்ச்சி. ‘மதிப்பு’க்கு என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். முதல் வரியை யாரும் படிக்க மாட்டார்கள். சொல்லை மட்டும் பார்த்து 1,240 என்றுதான் எழுதுவார்கள். ‘ஊதியம்’ ஆகாது என்றால் ‘ஈட்டம்’ என்று ஒன்று இருக்கிறது. அதன் வேரைத் தனி இழையில் எழுதுகிறேன்.