சார்ஜ் ஏறாத பைக்: எந்தப் புத்தகம் உதவியது?

முருகவேல், ராமமூர்த்தி நகர்
புது பேட்டரி போட்ட சில வாரங்களிலேயே என் பைக்கில் செல்ஃப் எடுக்காமல் போனது. வண்டியோடு வந்த கையேட்டில் ஃபியூஸ் மாற்றுவதற்கு மேல் ஒன்றும் இல்லை. அவென்யூ ரோட்டில் வாங்கிய பொதுவான மெக்கானிக் புத்தகம் சார்ஜிங் எப்படி நடக்கிறது என்பதை அழகாக விளக்கியது. ஆனால் என் வண்டிக்கு எத்தனை வோல்ட் சரி என்பதை அதே மாடலுக்கான சர்வீஸ் மேனுவல்தான் சொன்னது.

அதிலுள்ள பழுது கண்டறியும் அட்டவணையின்படியே சென்றேன். சார்ஜ் ஏற்றிய பேட்டரி, எஞ்சின் நின்றிருந்தபோது 12.6 வோல்ட் காட்டியது. ஆக்சிலரேட்டரை முறுக்கினால் அது 14 வோல்ட்டை நெருங்க வேண்டும், மாறாக 12.3க்கு இறங்கியது. மின்சாரம் உண்டாக்கும் ஸ்டேட்டரிலிருந்து வரும் மூன்று மஞ்சள் ஒயர்களைக் கழற்றி, இரண்டிரண்டாக ஓம் அளந்தபோது மூன்று அளவுகளும் ஒன்றாகவே இருந்தன. எதுவும் பாடியுடன் தொடர்பு காட்டவில்லை. எனவே ஸ்டேட்டரை விட்டுவிட்டு, வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பக்கம் போனால், அதன் கனெக்டரில் ஒரு பின் கருகியிருந்தது. ஜே.சி. ரோட்டில் கனெக்டர் வாங்கி மாற்றிய பிறகு 14.1 வோல்ட் வருகிறது.

கோபாலன், மல்லேஸ்வரம்
இவ்வளவு அளவெடுப்பு தேவையா? என்னிடமுள்ள பழைய கார் புத்தகத்தில் எளிய வழி இருக்கிறது: எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள், வண்டி நிற்காவிட்டால் சார்ஜிங் சரி.

ஜெயந்தி, ஒயிட்ஃபீல்ட்
கோபாலன் சார், டைனமோ வைத்த பழைய கார்களுக்கு அந்த வழி ஓரளவு பொருந்தியது. இன்றைய வண்டியில் அப்படிக் கழற்றினால் வோல்ட் திடீரென எகிறி, டையோடோ எஞ்சினைக் கட்டுப்படுத்தும் ஈசியூவோ போய்விடக்கூடும். அதனால்தான் புத்தகம் வாங்கும்போது விலைக்கு முன்பாக அது எந்த ஆண்டு மாடலுக்கு எழுதப்பட்டது என்று பார்க்கிறேன். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்தபோது பல பைக்குகளில் கார்புரேட்டர் போய் இன்ஜெக்ஷன் வந்தது. பெயர் அதேதான், ஒயரிங் படமோ வேறு.

முருகவேல், ஒரு சந்தேகம். கனெக்டர் தானாகத் தளர்ந்து கருகியதா, ரெகுலேட்டர் பழுதாகிச் சூடேறிக் கருகியதா?

முருகவேல்
தெரியவில்லை மேடம். ஹெட்லைட் போட்டுச் சிறிது தூரம் ஓட்டிவிட்டு, புது கனெக்டர் சுடுகிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அன்வர், சிவாஜி நகர்
என் காரும் இப்படித்தான். ஒரு வாரம் நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடுகிறது. நானும் ரெகுலேட்டரை மாற்றலாமா?

ஜெயந்தி
அன்வர் பாய், ஓடும்போது 14 வோல்ட் அளவில் வந்தால் உங்களுடையது வேறு பழுது. நிறுத்திய காரில் ஏதோ ஒன்று கரன்ட் இழுக்கிறது. மேனுவலில் அதற்குத் தனிப் பகுதி இருக்கும். காரைப் பூட்டி, கொஞ்ச நேரம் விட்டு, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, அதற்கும் பேட்டரிக்கும் நடுவே மீட்டரை இணைத்து அளவிடுங்கள். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் நின்றால், ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதைக் கழற்றும்போது அளவு குறைகிறது என்று பாருங்கள். மீட்டர் இணைப்பில் இருக்கும்போது மட்டும் ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள்.