மேகம் விலகினதும் கூடுற சோலார் பவர் எங்க போகுது?

சோலார்குமார்: மேகம் விலகுறப்போ 5 கிலோவாட் இன்வெர்ட்டர் மேல 6 கிலோவாட் வந்து விழுது. மிச்ச 1 கிலோவாட்டை அது சூடா எரிச்சுத் தள்ளுது. நம்ம சுங்கை சிப்புட்ல இன்வெர்ட்டர் சீக்கிரம் போறது இதனாலதான்.

பழைய_சார்ஜ்மேன்: தப்பு தம்பி. 1 கிலோவாட்னா ஒரு இஸ்திரிப் பெட்டி. இன்வெர்ட்டருக்குள்ள அதை எரிக்கிற இடமே கிடையாது.

என் கூரையில 450 வாட் சோலார் பலகை 12, மொத்தம் 5.4 கிலோவாட். சாதாரண மத்தியானம் பலகை 60 டிகிரிக்குச் சூடேறி 4.6-க்கு மேல வராது. வெள்ளை மேகம் விலகுறப்போ சூரியன் நேரா அடிக்குது, மேக ஓரமும் வெளிச்சத்தைச் சிதறிக் கூரை மேல கொட்டுது. நிழல்ல பலகையும் ஆறியிருக்கும். அப்ப அதால 6-க்கு மேல தர முடியும். ஆனா திரை 5-லயே நிக்குது.

எப்படின்னு வோல்டேஜைப் பாரு. வழக்கமா 440. அந்த நிமிஷம் 515-க்கு ஏறுச்சு, ஆம்பியர் 9.9-க்கு இறங்குச்சு. பெருக்கினா 5.1 கிலோவாட். பலகை நல்லாத் தர்ற இடத்தை விட்டு இன்வெர்ட்டர் தள்ளிப் போய் நிக்குது. மிச்சம் கரண்டா மாறவே இல்ல.

சோலார்குமார்: நான் தொட்டுப் பார்த்தவன்ணே. கை சுட்டுச்சு.

பழைய_சார்ஜ்மேன்: 5 கிலோவாட் ஓடினாலே 150 வாட் சூடு இருக்கும். அது வேலை செஞ்ச சூடு, மேகத்தோட மிச்சம் இல்ல.

லயத்து_வாணி: எங்க வீட்லயும் மத்தியானம் நின்னுடுது அண்ணே, திரையில `Grid Overvoltage`. மேகம்தானா?

பழைய_சார்ஜ்மேன்: இல்லம்மா, அது தெருக்கம்பி வோல்டேஜ். 253-ஐத் தாண்டுதான்னு ஒயரிங்காரரை அளக்கச் சொல்லு.

டீச்சர்_ராஜன்: ஒரு வருஷ ஆப் கிராஃப் முழுக்கப் பார்த்துட்டேன். 5-க்கு மேல ஒரு முனைகூட இல்ல. கட்டுக்கதை.

பழைய_சார்ஜ்மேன்: 5-ல வெட்டினா எப்படி சார் மேல தெரியும்? அதோட ஆப் 5 நிமிஷத்துக்கு ஒரு புள்ளி வைக்குது. மேக ஓரம் அரை நிமிஷத்துல போயிடும்.

சோலார்குமார்: ஒண்ணுமே ஆகலைன்னா ஃபியூஸ் ஏன் போகுது? பதில் சொல்லுங்க.

பழைய_சார்ஜ்மேன்: இன்வெர்ட்டர் வெட்டாதப்போ ஆம்பியர் நிஜமாவே கூடும், அதை நான் மறுக்கல. கோயில் மண்டபத்துல மூணு பலகை வரிசையைச் சேர்த்து, வரிசைக்கு ஒரு 12 ஆம்பியர் ஃபியூஸ் போட்டது நீதானே? ஷார்ட் சர்க்யூட்ல 11.6 தர்ற பலகை, வெளிச்சம் கால் பங்கு கூடினா 14.5 தரும். அடிக்கடி சூடேறி ஃபியூஸ் தேய்ஞ்சு போகுது. அது உன் கணக்குத் தப்பு.

சோலார்குமார்: மண்டபத்தை இழுக்காதீங்க. அந்த வேலைக்கு இன்னும் பாக்கி வரல, கமிட்டியில நீங்களும் இருக்கீங்க.

டீச்சர்_ராஜன்: பாக்கியா? போன கூட்டத்துல கொடுத்தாச்சுன்னு எழுதியிருக்கே?

பழைய_சார்ஜ்மேன்: பேச்சை மாத்தாதீங்க. குமாரு, அடுத்த தடவை மூடியைத் தொடாத, வோல்டேஜைப் படி.

சோலார்குமார்: கை சுட்டது சுட்டதுதான்ணே.